ஜூன் சுற்றறிக்கை: பள்ளி திறப்பு, சீருடை, பாதுகாப்பு பற்றிப் பெற்றோருக்கு எழுதுவது எப்படி

மே மாதம் மூன்றாவது வாரம் தொடங்கிவிட்டால் பள்ளி அலுவலகத்தில் போன் கீழே வைக்க நேரமிருக்காது. பள்ளி என்றைக்குத் திறக்கிறது, முதல் நாள் முழு நாளா, போன வருடப் பேண்ட் போதுமா, பெல்ட் மாறியிருக்கிறதா, வேன் வீட்டு வாசலுக்கே வருமா. இத்தனைக்கும் சுற்றறிக்கை ஏற்கனவே போயிருக்கும். பெற்றோர் அதைப் படிக்கவில்லை என்று குறைப்படுவது எளிது. படித்தும் பதில் கிடைக்காததால்தான் பாதிப் பேர் கூப்பிடுகிறார்கள். ‘சீருடையில் கண்ணியம் காக்கப்பட வேண்டும்’ என்று எழுதிய வரியைப் பத்து முறை படித்தாலும் எந்த நீளத்தில் பாவாடை தைப்பது என்று தெரியாது.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு மெட்ரிக் பள்ளியை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. முதல்வருக்கும் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவருக்கும் இது பயன்படும். கையில் வந்த சுற்றறிக்கையில் எதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று பார்க்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

எழுத உட்காருவதற்கு முன்

போன வருடச் சுற்றறிக்கையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவதுதான் பெரும்பாலான பள்ளிகளில் வழக்கம். அதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழித்து மூன்று பேரிடம் பேசுங்கள். போன் எடுப்பவரிடம், போன ஜூனில் அதிகம் வந்த பத்துக் கேள்விகள் என்னென்ன என்று கேளுங்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்பவரிடம், எந்த நிறுத்தத்தில் குழப்பம் வந்தது என்று கேளுங்கள். பிடி ஆசிரியரிடம், முதல் மாதத்தில் எத்தனை பிள்ளைகள் எந்தக் குறைக்காக வரிசையிலிருந்து தனியே நிறுத்தப்பட்டார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்று பட்டியலும் சேர்ந்ததுதான் சுற்றறிக்கையின் உள்ளடக்கம். ஒவ்வொரு வரியையும் எழுதியபின், இந்த வரியால் எந்த போன் வராமல் நிற்கும் என்று பார்த்தால் போதும். எந்த போனையும் நிறுத்தாத வரியை எடுத்துவிடலாம்.

அனுப்பும் நாளைத் தீர்மானிப்பது தையல்காரர்தான். மே கடைசி வாரத்தில் துணியைக் கொண்டுபோனால் இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்வார். அதனால் சீருடைப் பகுதி மே முதல் வாரத்துக்குள் பெற்றோர் கைக்குப் போய்விட வேண்டும். தேதிகளும் பாதுகாப்பும் மே 20 வாக்கில் போனால் போதும். எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பிரித்து அனுப்பினால் இரண்டையும் படிப்பார்கள்.

தேதிகள்: பள்ளி முடிவு செய்பவை, அரசு முடிவு செய்பவை

தேதிப் பகுதியில் நடக்கும் பெரிய தவறு, இரண்டு வகைத் தேதிகளையும் ஒரே உறுதியோடு எழுதிவிடுவது. புத்தகம் கொடுக்கும் நாள், பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா ஆகியவை பள்ளியின் கையில் இருக்கின்றன. திறக்கும் நாள், காலாண்டு, அரையாண்டு விடுமுறை, பொதுத்தேர்வு ஆகியவை பள்ளிக் கல்வித் துறையின் கையில். அவை மாறும், வெயில் கடுமையான வருடங்களில் மாறியும் இருக்கின்றன. 2023இல் முதலில் ஜூன் 1 என்றிருந்த திறப்பு ஜூன் 7 ஆகி, கடைசியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12 என்றும், 1 முதல் 5 வரை ஜூன் 14 என்றும் போனது. 2024இல் ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆனது. அடுத்த ஆண்டு 2025இல் மாற்றமே இல்லாமல் ஜூன் 2 திங்கட்கிழமை பள்ளிகள் திறந்தன. எந்த வருடம் எப்படிப் போகும் என்று மே மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது.

எனவே துறையின் கையில் உள்ள தேதிக்குப் பக்கத்தில், மாறினால் என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டும். ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்று மட்டும் போட்டால் பெற்றோர் தினமும் கூப்பிட்டுக் கேட்பார்கள். 2025 தேதியை வைத்து இப்படி எழுதலாம்:

> பள்ளி திறப்பு: 2025 ஜூன் 2, திங்கட்கிழமை, 1 முதல் 12ஆம் வகுப்பு வரை. வெயில் காரணமாக அரசு இதை மாற்றினால், அன்று மாலை 6 மணிக்குள் வகுப்புக் குழுவில் ‘திருத்தம்’ என்ற தலைப்பில் புதிய தேதி வரும். அப்படி ஒரு செய்தி வராதவரை ஜூன் 2தான்.

கடைசி வாக்கியம்தான் முக்கியம். தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் எதைப் பார்த்தாலும், பள்ளியிலிருந்து செய்தி வராதவரை பழைய தேதியே செல்லும் என்று அது சொல்லிவிடுகிறது.

தேதியை எழுதும் முறையிலும் சறுக்கல்கள் உண்டு. கிழமை இல்லாத தேதியைப் பார்த்து யாரும் லீவு கேட்க முடியாது. எல்லா வீட்டிலும் காலண்டர் தொங்கினாலும், ‘திங்கட்கிழமை’ என்ற சொல்தான் மனத்தில் நிற்கும். ‘ஜூன் முதல் வாரம்’ என்று எழுதினால் ஒருவர் ஜூன் 1 என்றும் இன்னொருவர் ஜூன் 7 என்றும் எடுத்துக்கொள்வார்கள். ‘2/6’ என்பதை, வெளிநாட்டில் இருக்கும் அப்பா பிப்ரவரி 6 என்று படித்த கதை பல ஊர்களில் உண்டு. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நேரத்துக்கும் இதே கவனம் தேவை. ‘பள்ளி நேரம் 9 மணி’ என்பதில், 9 மணிக்கு மணி அடிக்குமா, கேட் மூடுமா, வரிசை நிற்குமா என்பது தெரியாது. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்: கேட் திறப்பு 8.15, மணி 8.50, கேட் மூடுவது 9.00. கேட் 8.15க்கு முன் திறக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேலைக்குப் போகும் வழியில் 7.30க்கே பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வாட்ச்மேன் இருக்கிறாரே என்ற நம்பிக்கைதான். அந்த 45 நிமிடமும் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதைச் சுற்றறிக்கைதான் தெளிவாக்க வேண்டும்.

வருடம் முழுவதற்குமான விடுமுறைப் பட்டியலை ஜூனிலேயே நுணுக்கமாகக் கொடுக்க வேண்டாம். பிறை பார்த்து வரும் பண்டிகைகள் ஒரு நாள் முன்பின் ஆகலாம், தேர்வு அட்டவணை பின்னால்தான் உறுதியாகும். குலதெய்வம் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் தேதி பார்க்கும் பெற்றோருக்குத் தேவைப்படுவது வேறு: எந்த வாரங்களில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகவே கூடாது என்பது. செப்டம்பர் பின்பாதி காலாண்டு, டிசம்பர் நடுப்பகுதி அரையாண்டு, 10, 12ஆம் வகுப்புக்கு மார்ச் முழுவதும். இந்த மூன்றையும் எழுதினால் போதும்.

மழை விடுமுறைக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். பல நேரம் காலை ஆறு, ஆறரைக்குத்தான் வரும். அதற்குள் போன வருட அறிவிப்பின் படம் குழுக்களில் சுற்றத் தொடங்கியிருக்கும். ‘படத்தில் உள்ள தேதியைப் பாருங்கள், பள்ளியின் செய்தி வரும்வரை காத்திருங்கள், செய்தி இல்லையென்றால் வேன் வழக்கம்போல் வரும்’ என்று ஜூனிலேயே எழுதிவைத்தால், நவம்பரில் அதை எடுத்து மறுபடி அனுப்பினாலே போதும்.

சீருடை: அளவு, மடிப்பு, நாள், அவகாசம்

சீருடை விதியை எழுதுகிறவர் பெரும்பாலும் வாசலில் நின்று சோதிப்பவரின் கண்ணோட்டத்தில் எழுதுகிறார். துணிக்கடையிலும் தையல்கடையிலும் நிற்கும் அம்மாவின் கண்ணோட்டத்தில் எழுதிப் பாருங்கள். அவருக்கு முதலில் வேண்டியது துணியின் அடையாளம். ‘நேவி ப்ளூ பேண்ட்’ என்றால் கடையில் ஐந்து வகை நேவி ப்ளூ எடுத்துப் போடுவார்கள், எல்லாமே நேவி ப்ளூதான். துணியின் கம்பெனிப் பெயரும் ஷேடு நம்பரும் எழுதுங்கள். அலுவலகத்தில் ஒரு சாண் மாதிரித் துணி வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடையின் ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலமும் பள்ளி மைதானத்து வெயிலில் வேறாகத் தெரியும்.

எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். பள்ளி சொல்லும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்துவது சரியல்ல. சிபிஎஸ்இ 2017இல் தன் பள்ளிகளுக்கு இது பற்றி வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. ஷேடு நம்பரைக் கொடுத்துவிட்டால் கட்டாயப்படுத்தும் தேவையே வராது.

அடுத்தது அளவு. பாவாடையோ பினாஃபோரோ முழங்காலுக்கு எத்தனை விரல் கீழே, பேண்ட் ஷூவின் எந்த இடம்வரை, சுடிதார் மேல் ஓவர்கோட் எவ்வளவு நீளம் என்று உடம்பை வைத்துச் சொன்னால் தையல்காரருக்குப் புரியும். அதைவிட முக்கியம் உள்மடிப்பு. ஆரம்பப் பள்ளி வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் ஏறக்குறையப் பாதி கால்களில். அப்படியென்றால் பேண்ட் வருடத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். கீழே 2 அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைத்தால் இந்த வருடம் முழுவதும் தாங்கும், அடுத்த வருடம் பாதிவரைகூடப் போகும். பருவ வயது வளர்ச்சி தொடங்கும் 5, 6, 7ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கும் 7, 8, 9ஆம் வகுப்பு ஆண் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. சிலர் ஒரே வருடத்தில் 8, 9 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு 3 அங்குலம் விடச் சொல்லுங்கள். முதலில் இரண்டு செட் மட்டும் தைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். நான்கு செட் தைத்து, தீபாவளிக்குள் நான்கும் குட்டையாகிப் போனால் யாருக்கும் பயனில்லை.

மடிப்பைப் பிரிக்கும்போது ஒரு தொல்லை வரும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரியும், அடர்நிறத் துணியில் நன்றாகவே தெரியும். அந்தக் கோட்டுக்காகப் பிள்ளையை நிறுத்திக் கேட்க மாட்டோம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். சின்ன வரிதான், ஆனால் பல வீடுகளில் புதிய பேண்ட் வாங்கும் செலவை அது தள்ளிப்போடும். பருத்தி கலந்த துணியைத் தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்வதும் இதே இடத்தில்தான். நனைக்காமல் தைத்த சட்டை முதல் சலவையிலேயே சுருங்கிக் கழுத்துப் பட்டனைப் போட முடியாமல் செய்துவிடும்.

ஷூவுக்கு ஒரே அளவுகோல் போதும்: நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஒரு வருடம் போட வேண்டுமே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி முனையில் பஞ்சு திணித்து அனுப்பும்போது, படிக்கட்டில் ஷூ முனை தட்டிப் பிள்ளை விழுகிறது. மழலையர் வகுப்புகளுக்கும் 1, 2ஆம் வகுப்புகளுக்கும் லேஸ் வேண்டாம், ஒட்டும் பட்டி போதும். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு லேஸ் கட்டிவிட ஓர் ஆயாம்மாவால் முடியாது, அவிழ்ந்த லேஸை அடுத்த பிள்ளை மிதித்துவிடும்.

கழுத்தில் தொங்குபவைதான் உண்மையான ஆபத்து. ஐடி கார்டுக் கயிறு சறுக்குமரத்திலோ வேன் கதவுக் கைப்பிடியிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பிளாஸ்டிக் கிளிப் வைத்த கயிறு வேண்டும். இதைப் பெற்றோரிடம் கேட்க வேண்டியதில்லை. கார்டு அச்சடிக்கக் கொடுக்கும்போதே பள்ளி கேட்டு வாங்க வேண்டும். கொண்டுவந்ததும் ஒரு கயிற்றைக் கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், சில கிளிப்புகள் அலங்காரத்துக்குத்தான் இருக்கும். சின்ன வகுப்புகளுக்கு டை என்றால் எலாஸ்டிக் வைத்தது. விளையாட்டு வகுப்பில் டையும் ஐடி கார்டும் கழற்றிப் பையில். சுடிதார் போடும் வகுப்புகளில் துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்தி, பின்பக்கம் இடுப்புக்குக் கீழே தொங்காமல் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டியின் பின்சக்கரத்தில் துப்பட்டா சிக்கும் விபத்துகளை நாமெல்லாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம்.

கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. தென் மாவட்டங்களில் அது வெறும் அழகுக்கான விஷயமாக இல்லை. எந்த நிறம் எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்கே மனப்பாடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பின் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை முழுவதையும் சுற்றறிக்கையில் கொட்ட வேண்டாம். நெற்றிக் குறி பற்றிய விவாதம் வேறு தளத்தில் நடக்கிறது, அரசாணை எதுவரை சொல்கிறதோ அதுவரை போவதே முதல்வருக்குப் பாதுகாப்பு. ஆனால் கயிறு பற்றி நேராக எழுதலாம்:

> கையில் எந்த நிறக் கயிறும், ரப்பர் வளையமும் அணிந்து வரக் கூடாது. கோவில் கயிறு கட்டியிருந்தால் நீளக் கை சட்டைக்குள்ளோ, மேல்கையிலோ வெளியே தெரியாமல் இருக்கட்டும். சைக்கிளிலும் பையிலும் சாதியைக் குறிக்கும் நிறமோ எழுத்தோ வேண்டாம்.

‘எந்த நிறக் கயிறும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குறிப்பிட்ட நிறங்களைப் பட்டியலிட்டால் பள்ளியே நிறத்துக்குச் சாதி ஒதுக்கியதுபோல் ஆகிவிடும், அடுத்த வாரம் புது நிறம் ஒன்று வரும். இந்த விதியைச் சோதிக்கும்போது மாணவர் கையை வரிசையில் எல்லோர் முன்னிலையிலும் தூக்கிப் பார்க்கக் கூடாது. தனியே அழைத்து, கழற்றி, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அவகாசம். ஜூன் முழுவதும் பழைய சீருடையோ, புதிதாகச் சேர்ந்தவர்கள் கலர் டிரஸ்ஸோ போட்டு வரலாம் என்று முடியும் தேதியோடு எழுதுங்கள். சீருடை இல்லையென்று எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ திருப்பி அனுப்பவோ மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். அந்த வரி ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். ஹவுஸ் பிரித்த பிறகுதான் ஹவுஸ் டிஷர்ட்டின் நிறம் தெரியும் என்பதால், அதுவரை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் போன வருட நிறத்தையே வாங்கிவிட்டு ஜூலையில் வந்து மாற்றித் தரச் சொல்வார்கள்.

பாதுகாப்பு: வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை

பாதுகாப்புப் பகுதியில் எல்லாவற்றையும் எழுத ஆசை வரும். தீ, மின்சாரம், நாய், நீர்நிலை, இணையம் என்று இருபது வரி எழுதினால் இருபதும் கண்ணில் படாது. ஜூன் சுற்றறிக்கையில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: வண்டி, கூட்டிச் செல்பவர், உடல்நலக் குறிப்பு. மற்றவற்றை அந்தந்தக் காலத்தில் அனுப்பலாம்.

வண்டியைப் பொறுத்தவரை, 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் அந்த விதிகளில் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் உள்ளிட்ட குழு வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கும். அந்தச் சோதனை நடந்த தேதியையும், பள்ளி வண்டிகளின் பதிவெண்களையும் சுற்றறிக்கையில் போடுங்கள். பெற்றோர் தாங்களே ஏற்பாடு செய்யும் வேனும் ஆட்டோவும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் போடுங்கள். அவற்றைப் பள்ளி சோதிப்பதில்லை என்ற உண்மை பல பெற்றோருக்குத் தெரியாது.

நிறுத்தத்தில் நடக்கும் விபத்துக்குக் காரணம் எளிமையானது. பேருந்தின் முன்பக்க பம்பரை ஒட்டி நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது, பின்சக்கரத்துக்கு அருகிலும் அப்படித்தான். இறங்கிய பிள்ளை தண்ணீர் பாட்டிலையோ தாளையோ தவறவிட்டு, எடுக்கக் குனிகிறது. பிள்ளை போய்விட்டதாக நினைத்து ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார். எனவே ‘கவனமாகச் சாலையைக் கடக்கவும்’ என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்:

> வண்டியிலிருந்து இறங்கியதும் வண்டியைவிட்டுப் பத்து அடி எடுத்து விலகி நிற்க வேண்டும். ஏதாவது கீழே விழுந்தால் எடுக்கக் கூடாது. ஆயாம்மாவிடமோ ஓட்டுநரிடமோ சொல்ல வேண்டும். சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், வண்டி போன பிறகுதான். கூட்டிப்போக வருபவர் வண்டி நிற்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று கூப்பிடக் கூடாது.

எதிர்ப்பக்கம் நின்று அம்மா கையசைத்தால் பிள்ளை ஓடிவரத்தான் செய்யும். அதனால் கடைசி வரி பிள்ளைக்கு அல்ல, பெற்றோருக்கு.

இருசக்கர வண்டியில் கொண்டுவந்து விடுபவர்களுக்கு இரண்டு விஷயம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தலைக்கவசம் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். பிள்ளையின் அளவில் வாங்க வேண்டும். அப்பாவின் தலைக்கவசத்தைப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டச் சொன்னால் அது தனியே சுற்றும், விழும்போது கழன்றுவிடும். இரண்டாவது, பதினெட்டு வயதாகாத மாணவர் ஸ்கூட்டியில் வருவது. அதே சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாவதும் இருக்கிறது. ‘பள்ளி வளாகத்துக்குள் வண்டி கொண்டுவரக் கூடாது’ என்று மட்டும் எழுதினால், இரண்டு தெரு தள்ளி டீக்கடையில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். பெற்றோர் பெயரில்தான் வழக்கு வரும் என்று எழுதினால் சாவி வீட்டிலேயே இருக்கும்.

அடுத்தது, பிள்ளையைக் கூட்டிச் செல்பவர். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பேரின் பெயர், உறவு, போட்டோ, போன் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் நடக்கக்கூடியதைப் பாருங்கள். யு.கே.ஜி. பிள்ளையைத் தினமும் பாட்டிதான் கூட்டிப்போவார். அன்று பாட்டிக்குக் காய்ச்சல், அம்மா வேலையில். மதியம் 2.40க்கு அம்மா வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்பில் ‘இன்று சித்தப்பா வருவார்’ என்று போடுகிறார். ஆசிரியர் வகுப்பில் இருப்பதால் பார்க்கவில்லை. 3.10க்கு சித்தப்பா வாசலில் நிற்கிறார். பிள்ளைக்கு அவரைத் தெரியும், சிரிக்கிறது. ஆயாம்மா விட்டுவிடுவாரா, மாட்டாரா? விட்டால் விதி இல்லாத பள்ளி, விடாவிட்டால் சண்டை. இரண்டையும் தவிர்க்கச் சுற்றறிக்கையில் எழுத வேண்டியது: மாற்றம் இருந்தால் மதியம் 1.30க்குள் அலுவலக எண்ணுக்குப் பெற்றோர் போன் செய்ய வேண்டும், வாட்ஸ்அப் செய்தி செல்லாது, வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். இவை இல்லையென்றால் பதிவான எண்ணில் பள்ளியே பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கும், அதுவரை பிள்ளை அலுவலகத்தில் இருக்கும். பிள்ளைக்குத் தெரிந்தவர் என்பது ஆதாரமாகாது என்பதை அப்படியே எழுதுங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் நீதிமன்ற உத்தரவின் நகலை அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லும் வரியும் இங்கேயே வரட்டும். அதைக் குழுவில் அனுப்ப வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

உடல்நலக் குறிப்புக்குக் கால் பக்கச் சீட்டு போதும். வலிப்பு, ஆஸ்துமா, எந்த உணவு அல்லது மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் எடுக்கும் மருந்து. பெரும்பாலோர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதித் தருவார்கள். பள்ளியில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம்தான். இந்தச் சீட்டு வகுப்பாசிரியரிடமும் பிடி ஆசிரியரிடமும் மட்டும் இருக்கும், இதனால் எந்த வாய்ப்பும் மறுக்கப்படாது என்று மேலேயே அச்சிட்டால் உண்மையை எழுதுவார்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளையின் பையில் எந்த அறையில் அது இருக்கிறது என்பதுவரை கேளுங்கள்.

அடியில் மூன்று எண்களைப் போடுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, அவசரத்துக்கு 112. பள்ளியைப் பற்றியே புகார் என்றாலும் இவற்றில் சொல்லலாம் என்று எழுதும் பள்ளியைப் பெற்றோர் கூடுதலாக நம்புவார்கள்.

அனுப்புவது, திருத்துவது

அழகான டிசைனில் படமாக அனுப்பினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் தேட முடியாது, பழைய போனில் எழுத்து மங்கும். தட்டச்சு செய்த செய்தியாகவே அனுப்புங்கள், அச்சுத் தாள் ஒன்று டைரியில் ஒட்டட்டும். எழுத்துப் பழக்கமில்லாத பெற்றோருக்கு முதல்வரின் குரலில் இரண்டு நிமிட ஒலிச் செய்தி. தாத்தா பாட்டிகள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே செய்தி வேண்டாம். நான்காம் வகுப்புப் பெற்றோர் பொதுத்தேர்வு வரியைத் தாண்டிப் போகும்போது தனக்கான வரியையும் தாண்டிவிடுவார். தலைப்பில் எண்ணும் தேதியும் போடுங்கள்: ‘சுற்றறிக்கை 3, மே 20’. எந்தச் செய்தி பிந்தியது என்று தெரிய வேறு வழியில்லை.

திறப்புத் தேதி மாறினால் ஒரு தேதி மட்டும் மாறுவதில்லை. 2024இல் நடந்ததுபோல் ஜூன் 6 வியாழன், ஜூன் 10 திங்கள் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். மழலையர் முதல் நாள், வேன் தொடங்கும் நாள், உடல்நலச் சீட்டு கொடுக்கக் கடைசி நாள் ஆகியவை எல்லாம் அதோடு கட்டப்பட்டிருக்கும். ‘பள்ளி திறப்பு ஜூன் 10க்கு ஒத்திவைப்பு’ என்று மட்டும் அனுப்பிய பள்ளிக்கு, ஜூன் 6 காலை வேனுக்காகத் தெருமுனையில் காத்திருந்த பெற்றோரின் போன்தான் முதலில் வரும். திருத்தச் செய்தியில் மாறியவை, மாறாதவை இரண்டையும் எழுத வேண்டும்:

> திருத்தம். சுற்றறிக்கை 3க்குப் பதில் இது.
> பள்ளி திறப்பு: ஜூன் 10, திங்கட்கிழமை (முன்பு ஜூன் 6).
> வேன் ஓடத் தொடங்குவது: ஜூன் 10. ஜூன் 6, 7 தேதிகளில் வேன் இல்லை.
> எல்.கே.ஜி. முதல் நாள்: ஜூன் 12, புதன்கிழமை, காலை 9.30 முதல் 11.30 வரை.
> உடல்நலச் சீட்டு: ஜூன் 14க்குள்.
> மாறாதவை: புத்தகம் வழங்குவது ஜூன் 5, புதன்கிழமை. சீருடை அவகாசம் ஜூன் 30 வரை.